வினைமுற்று எல்லோரிடமும்: பனியன் கம்பெனி ஆண்டு விழாவுக்கு ஒரு கவிதை

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அலுவலகத்தில் இருக்கிறேன். ஆண்டு விழாவுக்கு இந்த முறை 'கூட்டு முயற்சி' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் ஆறேழு பேர் மேடையில் நின்று சேர்ந்து வாசிப்பதற்கு ஒரு கவிதை வேண்டும். யாருக்கும் மேடைப் பழக்கம் கிடையாது. எப்படி எழுதுவது? மாதிரி ஒன்று எழுதித் தர முடியுமா?

பதில்:

இந்த வேலையில் நான் முதலில் செய்த தப்பிலிருந்து தொடங்குகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனிக்காக இதே தலைப்பில் ஆறு சீர் விருத்தம் எழுதிக் கொடுத்தேன். காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. 'ஒருங்கிணைவோம்', 'ஒத்துழைப்போம்', 'உயர்ந்திடுவோம்' என்று வரிக்கு வரி வந்தது. மேடையில் ஷிப்ட் இன்சார்ஜ் ஒருவர் இரண்டாவது அடியின் நடுவிலேயே மூச்சு வாங்கினார். மூன்றாவது அடியில் கீழே இருந்தவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் கைதட்டினார்கள், முடிந்துவிட்டது என்பதற்காக. அந்தக் கவிதையை அப்படியே எடுத்துப் போய் வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ வாசித்திருக்கலாம். பனியன் கம்பெனி அதில் எங்குமே இல்லை.

அதற்குப் பிறகு ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டேன். கூட்டு முயற்சி என்ற சொல் கவிதைக்குள் வரவே வேண்டாம், வாசிக்கிற முறையிலேயே அது நடக்கட்டும் என்பதுதான் அது. ஒருவர் மட்டும் வாசித்தால் அர்த்தம் முடியாத மாதிரி எழுத வேண்டும். தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. வாக்கியத்தை முடிக்கிற வினைமுற்று நம் மொழியில் கடைசியில் வரும். அதுவரை 'தைத்து', 'மடித்து', 'கட்டி' என்று வினையெச்சங்களாக எத்தனை வேண்டுமானாலும் அடுக்கிக்கொண்டே போகலாம். எச்சம் என்றாலே மிச்சம் வைத்தது, இன்னும் முடியாதது. ஒவ்வொரு டிபார்ட்மென்ட் ஆளும் தன் வேலையை எச்சத்தில் நிறுத்திவிட்டு அடுத்தவரிடம் கொடுக்கட்டும். முற்று கடைசியில் எல்லோரிடமும் சேர்ந்து இருக்கட்டும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 'வெட்டி, தைத்து, அனுப்பினோம்' என்று சொன்னால் வெட்டியது, தைத்தது, அனுப்பியது மூன்றுக்கும் எழுவாய் ஒன்றுதான். 'செய்து' என்று வரும் எச்சத்தின் விதி அது, அதைச் செய்தவரேதான் முற்றையும் செய்ய வேண்டும். நிட்டிங்காரர் ஒரு எச்சம், கட்டிங் மாஸ்டர் ஒரு எச்சம், டெய்லரக்கா ஒரு எச்சம் சொல்லி, கடைசியில் எல்லோரும் 'ஓம்' விகுதியில் முடித்தால், அத்தனை வேலைக்கும் ஆள் ஒருவராகிவிடுகிறார், அந்த ஆள் 'நாம்'. எழுவாயைச் சொல்லவே வேண்டியதில்லை, விகுதி சொல்லிவிடும்.

சரி, இனி கவிதை. ஏழு பேருக்காக எழுதியிருக்கிறேன். சாயம் வெளியில் ஜாப் வொர்க்காகப் போகிறது என்று வைத்துக்கொண்டேன், பெரும்பாலான கம்பெனிகளில் அப்படித்தான். அதனால் அந்தப் பத்தியை உங்கள் துணிப் பிரிவில் சாயப்பட்டறைக்கு நடையாய் நடக்கிறவர் வாசிக்கட்டும்.

அடுத்த கை

*முதல் ஆள் (நிட்டிங்)*
கோன்கோ னாக நூலை ஏற்றி,
கோடிக் கண்ணி விழுவதைக் கேட்டு,
ஊசி ஒன்று தப்பினால் துணியில்
ஓடும் கோட்டை உடனே பிடித்து,
வட்ட மெஷினின் வயிற்றி லிருந்து
வந்த துணியை ரோலாய்ச் சுருட்டி

*எல்லோரும்:* அடுத்த கைக்குப் போகட்டும்!

*இரண்டாம் ஆள் (துணிப் பிரிவு)*
சாயப் பட்டறை வாசலில் நின்று,
சாம்பிள் துண்டை ஒட்டிப் பிடித்து,
விளக்கின் கீழே ஒருமுறை பார்த்து,
வெயிலின் கீழே மறுமுறை பார்த்து,
நேற்றைய நீலமும் இன்றைய நீலமும்
நேர்தான் என்று நிச்சயம் செய்து

*எல்லோரும்:* அடுத்த கைக்குப் போகட்டும்!

*மூன்றாம் ஆள் (கட்டிங்)*
அடுக்கடுக் காகத் துணியை விரித்து,
அளவு அட்டையை மேலே வைத்து,
கத்தி நூலளவு விலகாமல் வெட்டி,
கையும் பாடியும் கலந்துவி டாமல்
எண்ணை எழுதி எண்ணிக் கட்டி

*எல்லோரும்:* அடுத்த கைக்குப் போகட்டும்!

*நாலாம் ஆள் (டெய்லர்)*
தோளைத் தோளோடு சேர்த்துப் பிடித்து,
தொடாமல் தொட்டுத் துணியை நகர்த்தி,
ஓவர் லாக்கின் ஓட்டத்தின் நடுவில்
ஊசி உடைய...

*(மூன்று எண்ணும் வரை மௌனம்)*

*எல்லோரும்:* லைன் நிற்கட்டும்!

*ஐந்தாம் ஆள் (கைமடி)*
யார்தப் பென்று கேளா திருந்து,
யாரும் காலை நகர்த்தா திருந்து,
காந்தம் எடுத்துத் தரையில் தேய்த்து,
கட்டின் இடுக்கிலும் விரலால் தேடி,
*முதல் ஆள்:* நுனியைக் கண்டு,
*மூன்றாம் ஆள்:* நடுவைக் கண்டு,
*ஐந்தாம் ஆள்:* மூன்றாம் துண்டை மூலையில் கண்டு,
*நாலாம் ஆள்:* முழுசாய்ச் சேர்த்து நோட்டில் ஒட்டி,
மூச்சு விட்டுப் புதுசை மாட்டி

*எல்லோரும்:* அடுத்த கைக்குப் போகட்டும்!

*ஆறாம் ஆள் (செக்கிங்)*
உள்ளும் வெளியும் புரட்டிப் பார்த்து,
ஒட்டிய பிசிரை நறுக்கித் தள்ளி,
ஓட்டை ஒன்று கண்ணில் பட்டால்
உறவு பாராமல் ஒதுக்கி வைத்து,
முட்டுக் கட்டையென் றெவரும் சொன்னால்,
முட்டுக் கட்டை இல்லாத தேரா
முக்குத் திரும்பும் என்று சிரித்து

*எல்லோரும்:* அடுத்த கைக்குப் போகட்டும்!

*ஏழாம் ஆள் (அயர்ன், பேக்கிங்)*
இஸ்திரிச் சூட்டில் சுருக்கம் நீக்கி,
இரண்டாய் மடித்து அட்டை வைத்து,
பெட்டி நிறைந்ததும் டேப்பை இழுத்து,
பெட்டியின் மேலே எவர்பெய ரையும்
எழுதா மல்

*எல்லோரும்:* அனுப்பினோம்.

இதில் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று சொல்கிறேன்.

மாற்றக்கூடாதது ஊசி உடைகிற இடம். ஏற்றுமதிக் கம்பெனி என்றால் உங்கள் லைனில் இது தெரிந்த கதைதான். ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் அத்தனையும் கிடைத்து, சேர்த்துப் பார்த்து முழு ஊசி ஆகிறதா என்று சரிபார்த்து, நோட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் இருந்த பீஸ்களை ஒதுக்கி மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். எங்கோ ஒரு குழந்தையின் சட்டைக்குள் அந்தத் துண்டு போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும். பீஸ் ரேட்டில் இருக்கிற டெய்லருக்கு லைன் நிற்பது காசு நிற்பது. ஆனாலும் அந்த நேரத்தில் பக்கத்து மெஷின்காரி குனிந்து தேடுவாள். கம்பெனியில் எல்லோரும் ஒரே பொருளுக்காகத் தரையைப் பார்த்துக் குனிகிற நேரம் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும். ஆண்டு விழாவில் கீழே உட்கார்ந்திருக்கிற முந்நூறு பேரும் அந்தத் தேடலை ஒரு முறையாவது செய்திருப்பார்கள். 'ஊசி உடைய' என்றதுமே கூட்டத்தில் ஒரு 'ஐயோ' கேட்கும். மூன்று எண்ணும் வரை மௌனம் என்று போட்டிருப்பது அதற்காகத்தான்.

இலக்கணம் தெரிந்தவர் யாராவது கேட்டால் சொல்லுங்கள்: அந்த இடத்தில் 'உடைந்து' என்று போடாமல் 'உடைய' என்று போட்டதற்குக் காரணம் இருக்கிறது. உடைந்தது ஊசி, நாம் இல்லை. எழுவாய் மாறுகிறபோது 'செய்து' எச்சம் ஒட்டாது, 'செய' எச்சம் ஒட்டும். கவிதை முழுவதிலும் 'நாம்' செய்யாத வேலைக்கு அப்படி ஓர் எச்சம் வருவது அந்த ஓர் இடத்தில்தான்.

ஆறாம் ஆளின் பத்தியில் தேர் வருகிறது. கூட்டு முயற்சி என்றாலே 'ஊர் கூடித் தேர் இழுப்போம்' என்று எழுதுவது வழக்கம். அது அலுத்துப்போன உவமை. ஆனால் தேர் ஓடுவதை நேரில் பார்த்தவர்களுக்கு வடம் பிடிப்பவர்கள் மட்டும் போதாது என்று தெரியும். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே முட்டுக்கட்டையோடு சிலர் ஓடுவார்கள். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள்தான். வீதி முனையில் அவர்கள் கட்டையை எந்தச் சக்கரத்துக்கு, எந்தக் கோணத்தில் கொடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பேச்சுவழக்கில் மட்டும் முட்டுக்கட்டை என்றால் தடை போடுகிறவன் என்று ஆகிவிட்டது. செக்கிங் பெண்களைப் பற்றி புரொடக்‌ஷன் ஆட்கள் சொல்வதும் இதையேதான். அதனால் அந்தச் சொல்லை அவர்கள் வாயிலேயே வைத்தேன். இந்தப் பத்தியை வாசிக்கச் சிரிக்கத் தெரிந்த ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். குறைப்பட்டுக்கொள்கிற குரலில் வாசித்தால் உள்சண்டை மாதிரி ஆகிவிடும்.

மாற்றலாம் என்றால் மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம். கட்டிங் டேபிளில் கத்திக்குப் பதில் கம்ப்யூட்டர் மெஷின் இருந்தால் அந்த வரியை மாற்றுங்கள். ஆனால் 'எண்ணை எழுதி எண்ணிக் கட்டி' என்பதை விட்டுவிடாதீர்கள். ஒரே லேயில் வெட்டிய கையும் பாடியும் ஒரே பீஸில் சேர வேண்டும், மாறினால் கை ஒரு நீலம், பாடி ஒரு நீலம் என்று ஆகும். சாயத்தை விளக்கிலும் வெயிலிலும் பார்க்கிற வரியும் அதே காரணத்துக்குத்தான். ட்யூப்லைட்டுக்குக் கீழ் ஒன்றாகத் தெரிகிற இரண்டு துணி வெளியே வந்தால் வேறாகத் தெரியும். மாற்றுகிறபோது அந்தந்தப் பிரிவு ஆளிடம் போய் 'உங்கள் வேலையில் அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு முன் கடைசியாக என்ன பார்ப்பீர்கள்?' என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எச்சமாக்கினால் வரி கிடைத்துவிடும்.

ஓசைக்கு நான் செய்தது இவ்வளவுதான்: பெரும்பாலும் ஒரு அடிக்கு நாலு சீர், ஒரு மூச்சில் சொல்லி முடிகிற அளவு. அடுத்தடுத்த இரண்டு அடிகளின் முதல் எழுத்தில் பல இடங்களில் மோனை. அது காதுக்கு மட்டுமல்ல, ஞாபகத்துக்கும் உதவும். 'காந்தம்' என்று தொடங்கியவருக்கு அடுத்த வரி 'க'வில் வருகிறது என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். 'ஊசி'க்கு 'ஓடும்' எப்படி மோனை என்று கேட்காதீர்கள். உ, ஊ, ஒ, ஓ நான்கும் ஒன்றுக்கொன்று மோனையாகும் இனம். சீர் ஒன்றிரண்டு இடத்தில் தளை தட்டும். வெண்பா இல்லை, விட்டுவிடலாம். 'அடுத்த கைக்குப் போகட்டும்' என்பது வாக்கியத்தில் சேராது. படகு இழுக்கிறவர்களின் 'ஐலசா' மாதிரி அது வெளியில் நிற்கிறது. அந்த ஒரு சொல்லில்தான் எல்லோரும் ஒரே நேரத்தில் இழுப்பார்கள், மற்ற நேரம் ஒருவர் பாட்டு. அதனால் முதல் ஒத்திகையில் அந்த வரியை மட்டும் இருபது தடவை சொல்லவையுங்கள். ஏழு வாயும் 'அ'வில் ஒன்றாகத் திறந்தால் போதும். அதற்கு முன்னால் பத்தியை வாசித்தவர் லேசாகத் தலையசைக்க வேண்டும், அதுதான் சைகை.

ஒத்திகையில் நிச்சயம் வரப்போகிற கோளாறு ஒன்று உண்டு. பழக்கமில்லாதவர்கள் தன் பங்கு முடிந்ததும் குரலைக் கீழே இறக்கிவிடுவார்கள். 'ரோலாய்ச் சுருட்டி' என்பதை முற்று மாதிரி வாசித்து நிறுத்துவார்கள். அப்படி ஆகிறதா என்று கண்டுபிடிக்க ஒத்திகையில் வெளியாள் நாலு பேரை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். பத்தி முடிவில் அவர்கள் கை தட்டினால் குரல் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். திருத்துவது சுலபம். முதல் ஆளை 'ரோலாய்ச் சுருட்டி, சாயப் பட்டறை' என்று அடுத்தவரின் முதல் இரண்டு சொல்லையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். பத்துத் தடவை அப்படிச் செய்த பிறகு கடைசி இரண்டு சொல்லை மனசுக்குள் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். குரல் தானாக மேலேயே நிற்கும்.

மைக்கைக் கைக்குக் கை மாற்ற வேண்டாம். 'அடுத்த கை' என்ற தலைப்புக்கு அது பொருத்தமாகத் தோன்றும், நானும் ஒரு முறை ஆசைப்பட்டேன். ஒவ்வொரு முறையும் 'டொம்' என்று சத்தம் வந்து ஊசி உடைகிற இடத்தில் எதுவுமே கேட்கவில்லை. ஸ்டாண்ட் மைக் இரண்டு போதும். உயரம் ஏறக்குறைய ஒத்தவர்களை ஒரு மைக்கிற்கு மூன்று நான்கு பேராக நிறுத்துங்கள். கல்யாண மண்டபமாக இருந்தால் எதிரொலி இருக்கும், எல்லோரும் சேர்ந்து சொன்ன பிறகு ஒரு நொடி விட்டுத்தான் அடுத்தவர் தொடங்க வேண்டும். வரிகளைத் தாளில் கொடுக்காமல் கெட்டி அட்டையில் ஒட்டிக் கொடுங்கள். கை நடுங்கினால் தாள் மைக்கில் சலசலக்கும், அட்டை சலசலக்காது. உங்களிடம்தான் பேக்கிங் அட்டை கிடக்குமே. நிதானமாக வாசித்தால் எல்லாம் சேர்த்து மூன்று நிமிடத்துக்குள் முடியும். அதற்கு மேல் போகிறது என்றால் யாரோ ராகம் போடுகிறார் என்று அர்த்தம்.

லைனில் ஒடிசா, பீகார் ஆட்கள் இருப்பார்கள். மேடையில் அவர்களில் ஒருவராவது நிற்க வேண்டும். நான் 'நடுவைக் கண்டு' என்பதைத் தனியாகப் பிரித்தது அதற்கும்தான், இரண்டே சொல், 'ழ' இல்லை. வேண்டுமானால் மூன்றாம் ஆளுக்குப் பதில் அதை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். அப்படிச் செய்தால் மேடையில் எட்டுப் பேர் ஆவார்கள், பரவாயில்லை. ஹிந்தியில் எழுதிக் கொடுப்பதைவிடக் காதால் கேட்டுச் சொல்லவைப்பது நன்றாக வருகிறது. எழுதிக் கொடுத்தால் 'கண்டு' என்பது 'கந்து' ஆகிவிடுகிறது. அவர் சொல்கிறபோது கூட்டம் கைதட்டும், அதற்கு இடம் விட்டு அடுத்தவர் காத்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

இன்னொன்று, இது நடக்கும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது யாராவது வந்து 'கடைசியில் எம்.டி. சார் பேரைச் சேர்த்துடலாமே' என்பார்கள். சேர்த்தால் கவிதை உடையும். 'எவர்பெயரையும் எழுதாமல்' என்று சொன்ன அடுத்த வரியில் ஒரு பெயர் வரும். சண்டை போடாதீர்கள். தொகுப்பாளர் கவிதைக்கு முன் சொல்கிற அறிமுகத்தில் அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லவையுங்கள். அப்படியும் விடவில்லை என்றால் எம்.டி.யையே மேடையில் எட்டாவது ஆளாக, வரிசையின் நடுவில் நிறுத்தி 'எல்லோரும்' வரிகளை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். ஒரு கம்பெனியில் அப்படிச் செய்தோம். 'லைன் நிற்கட்டும்' என்று முதலாளி வாயால் கேட்டதில் டெய்லர்கள் அடைந்த சந்தோஷம் தனி.

முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழாம் ஆள் 'எழுதாமல்' என்று நிறுத்தியதும் ஒரு நொடி இடைவெளி. பிறகு 'அனுப்பினோம்', சத்தமாக வேண்டாம், சாதாரணமாகப் பேசுகிற குரலில், எல்லோரும் ஒன்றாக. 'நன்றி, வணக்கம்' சொல்லவேண்டாம் என்று முதல் ஒத்திகையிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், பழக்கத்தில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். இரண்டு நொடி அப்படியே நின்றுவிட்டு, முதல் ஆள் முன்னால் போக வரிசையாக இறங்கட்டும். மைக்செட்காரரிடம் அதற்குள் பாட்டுப் போட்டுவிடாதே என்று சொல்லிவையுங்கள்.